பன் மேல்பக்கம் திட்டுத்திட்டாக வந்தது: என் அனுபவம்

நான்கு நாள் மாவு வீணான பிறகு இது சரியானது. 190 டிகிரியில் 18 நிமிடம் வேகும் இனிப்பு பன். முட்டை பூசினால் சில இடம் கருஞ்சிவப்பு, சில இடம் வெளிறிய கோடு.

முதலில் முட்டையை விட்டுப் பால் மட்டும் பூசினேன். நிறம் சீராக வந்தது, பளபளப்பு இல்லை. பாலில் சர்க்கரை கலந்தபோது 12 நிமிடத்திலேயே மேலே கறுத்துவிட்டது, உள்ளே மாவு வேகவில்லை. வெந்து இறக்கியதும் சூட்டிலேயே சர்க்கரைப் பாகு தடவினால் நல்ல மினுமினுப்பு. ஆனால் டப்பாவில் வைத்தால் மறுநாள் பிசுபிசுப்பு. அன்றே தீரும் பன்னுக்குப் பாகு போதும்.

கோளாறு முட்டையில் இல்லை, அடித்த விதத்தில் இருந்தது. வெள்ளைக்கரு இழை இழையாகவே நின்று, ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஒட்டியது. இப்போது ஒரு முட்டை, ஒரு மேசைக்கரண்டி பால், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அடித்து 15 நிமிடம் விடுகிறேன். உப்பு அந்த இழையைத் தளர்த்தி நீர்க்க வைக்கிறது. பிறகு வடிகட்டி, மெல்லிய பிரஷ்ஷால் ஒரு பூச்சு, பத்து நிமிடம் கழித்து, அடுப்பில் வைக்கும் முன் இன்னொன்று.

பலர் கவனிக்காத ஒன்று: பூச்சு வழிந்து தட்டைத் தொட்டால் அங்கேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது பன்னின் அடி கிழியும். பிரஷ்ஷைக் கிண்ண விளிம்பில் வழித்துவிட்டுப் பூசுங்கள்.