உயில் எழுதுவது எப்படி: சாட்சிக் கையொப்பத்தில் நேரும் பிழை

கும்பகோணத்தில் சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு வாங்கிய ஓர் இந்து ஆண், தன் மனைவி, தாய், மகன், மகள் ஆகிய நால்வரை விட்டு உயில் எழுதாமல் இறந்துவிட்டதாகக் கொள்வோம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. தாய் பிறகு உயில் எழுதாமல் காலமானால், அவருடைய கால் பங்கில் அவரது மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது இறந்தவரின் அண்ணன் தம்பி, அக்காள் தங்கைக்கும் உரிமை வந்துவிடும். வீடு முழுவதும் மனைவிக்கே சேர வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தால், உயிலில் எழுதியிருக்க வேண்டும்.

முதலில் தகுதி. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி, எழுதுபவர் மைனராக இல்லாமல், தெளிந்த மனநிலையில் இருந்தால் போதும். முதுமையோ உடல்நோயோ தடையன்று. எழுதும் வேளையில் தாம் செய்வதை அறிந்திருக்கிறாரா என்பதே கேள்வி. மருத்துவர் சான்று கட்டாயமில்லை என்றாலும், எண்பது வயதுக்காரர் படுக்கையிலிருந்து எழுதினால் அன்றைய தேதியிட்ட சான்று ஒன்றை வாங்கி வைக்கும்படி நான் வலியுறுத்துவேன்.

அடுத்து எழுத்து. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். சொத்தைக் கதவு எண், சர்வே எண், நான்கு எல்லைகளுடன் குறிப்பிட்டு, முந்தைய உயில் இருந்தால் அதை ரத்து செய்வதாகவும் எழுதுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது கடைசிக் கட்டத்தில்தான். 63ஆம் பிரிவு குறைந்தது இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. எழுதியவர் கையொப்பமிடுவதை ஒவ்வொரு சாட்சியும் நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தம்முடைய கையொப்பம்தான் என்று அவர் வாயாலேயே கேட்டிருக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் அவர் கண்ணெதிரில் கையொப்பமிட வேண்டும். உயிலை மகன் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தெரு நண்பரிடம் கையொப்பம் பெற்று வந்தால், அந்தச் சாட்சி சட்டத்தின் கண்ணில் சாட்சியே அல்ல. இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனாலும் மூவரும் ஒன்றாக அமர்ந்து முடிப்பதே நல்லது. கீழே இப்படி எழுதலாம்:

"உயில் எழுதியவர் எங்கள் முன்னிலையில் கையொப்பமிட, அதை நேரில் கண்ட நாங்கள் அவர் முன்னிலையில் சாட்சிக் கையொப்பமிட்டோம்."

சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாகவும், சொத்தில் பங்கு பெறாதவர்களாகவும் இருக்கட்டும். வழக்கு என்று வந்தால், உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது உங்கள் விருப்பம். பதிவு செய்த உயிலுக்கும் இந்தச் சாட்சியம் தேவை. கையொப்பமிட்ட பின் உயிலில் ஏதேனும் அடித்துத் திருத்தினால், திருத்தத்தின் அருகிலும் நீங்களும் இரண்டு சாட்சிகளும் மேலே சொன்ன முறையிலேயே கையொப்பமிடுங்கள்.