விவசாயம் பார்க்க ஊருக்குப் போகும் சக ஊழியரை வழியனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலையை விட்டுவிட்டு குடும்ப நிலத்தைப் பார்க்கக் கிளம்புகிறவருக்கு நடக்கும் பிரிவுபசார விழாவில், "இனி உனக்கு டென்ஷனே இல்லை, நிம்மதியான வாழ்க்கை" என்று யாராவது ஒருவர் பேசிவிடுவார். அவர் ஓய்வெடுக்கப் போகவில்லை. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, அறுவடைக்கு அறுவடை மட்டுமே பணம் வரும் தொழிலுக்குப் போகிறார். "புதுத் தொழில் தொடங்குகிறார்" என்று சொல்லுங்கள், அதுதான் உண்மை. "சரிப்படலேன்னா திரும்பி வந்துடு" என்பதைச் சபையில் சொல்லவே வேண்டாம். அக்கறை இருந்தால் தனியாகச் சொல்லலாம். அப்பாவின் உடல்நிலை, பாகப்பிரிவினை போன்ற காரணங்களை அவரே சொல்லாதவரை மேடையில் எடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விடச் சேதம் செய்வது, "உன் அரிசியை நாங்களே வாங்கிக்கிறோம்" என்று கைதட்டலுக்கு நடுவே கொடுக்கும் வாக்கு. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் கேட்பவர் அதை வைத்துக் கணக்குப் போடுகிறார். முப்பது பேர் மாதம் 5 கிலோ வாங்குவதாகச் சொன்னால் மாதம் 150 கிலோ அரிசி, ஆறு மாதத்துக்கு 900 கிலோ. நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 65 கிலோ அரிசிதான் கிடைக்கும். ஆக, கிட்டத்தட்ட 1,400 கிலோ நெல்லை அவர் விற்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். அறுவடைக் கூலியும் அடுத்த போகத்துச் செலவும் கழுத்தை நெரிக்கும் நேரத்தில், அந்தப் பணம் மூட்டையில் முடங்கிவிடும். புது அரிசி குழைகிறது என்று இரண்டாம் மாதமே பாதிப் பேர் நின்றுவிட்டால், மீதி நெல்லில் அந்துப்பூச்சி விழும். அவரால் வாய்விட்டுக் கேட்கவும் முடியாது, நண்பர்களாயிற்றே.

வாங்க மனமிருந்தால் விழா முடிந்த பிறகு நிஜமாகவே வாங்கக்கூடிய நாலைந்து பேர் மட்டும் பேசுங்கள். யாருக்கு எத்தனை கிலோ, விலையை யார் சொல்வது, லாரி வாடகை யார் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். நெல் என்றால் நட்டது முதல் அரிசியாகக் கைக்கு வர நாலைந்து மாதம் ஆகும். அதற்குள் அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். கதிர் முற்றும் சமயத்தில் முன்பணமாகப் பாதித் தொகையைக் கொடுத்தால், அந்த வாக்குக்கு ஒரு மதிப்பு உண்டு.

அப்புறம் பரிசு. கண்ணாடிப் பெட்டிக்குள் மரக் கலப்பை வேண்டாம். மரக்கன்றும் வேண்டாம், எதை எப்போது நடுவது என்பது அவர் நிலத்தையும் தண்ணீரையும் பொறுத்தது. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச் லைட், அளவான ரப்பர் பூட்ஸ் போன்றவை முதல் வாரமே பயன்படும். தொகை சேர்ந்தால் மண் பரிசோதனைச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். உரம் போடுவதற்கு முன் மண் எடுத்தால்தான் முடிவு சரியாக இருக்கும். அதனால் அந்தப் பணம் அவர் கிளம்பும்போதே கையில் இருக்கட்டும்.