தொலைந்த பத்திரத்துக்கு நகல்: விமானம் ஏறும் முன்பே எண்ணைத் தேடுங்கள்

வெளிநாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு லீவில் போய், தொலைந்துபோன கிரயப் பத்திரத்துக்கு நகல் வாங்கி வந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்திர எண்ணும் பதிவான வருஷமும் தெரிந்திருந்தால் அது சின்ன வேலை. தெரியாவிட்டால் லீவு முழுக்க அதிலேயே கரையும். எனக்குக் கரைந்தது. குழந்தைகளைக் குலதெய்வம் கோயிலுக்குக்கூடக் கூட்டிப் போக முடியவில்லை.

எங்கள் நிலம் தஞ்சாவூர் பக்கம். 1968இல் அப்பா வாங்கிய நஞ்சை. அவர் காலமான பிறகு பெட்டியைத் திறந்தால் கிஸ்தி ரசீதுகள் எல்லாம் கட்டுக்கட்டாக இருந்தன, பத்திரம் இல்லை. பட்டா அப்பா பெயரிலும் சித்தப்பா பெயரிலும் கூட்டாக இருக்கிறது. "அண்ணன் தனியா வாங்கினதுன்னு பத்திரத்துல இருந்தா நான் விட்டுக்கொடுத்துடறேன் தம்பி, காகிதத்தைக் கொண்டா" என்றார் சித்தப்பா. இத்தனை வருஷம் அந்த வயலைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அவர் கேட்டதை நியாயமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் எல்லாரும் சொல்வது, வில்லங்கச் சான்று போட்டால் பத்திர எண் வந்துவிடும் என்பது. tnreginet.gov.in தளத்தில் வில்லங்கம் பெரும்பாலும் 1975இலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தையது என்றால் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பழைய அட்டவணைப் புத்தகங்களை ஆள் புரட்டித்தான் தேட வேண்டும். அந்தத் தேடுதல் எந்த சர்வே எண்ணில் நடக்கிறது என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், ஊரில் யூடிஆர் என்பார்களே, அதில் பல கிராமங்களில் புல எண்கள் மாறிவிட்டன. இன்றைய பட்டாவில் இருக்கும் எண்ணை எழுதிக் கொடுத்தால் 1968 புத்தகத்தில் வேறு யாருடைய நிலமோ வரும், அல்லது ஒன்றுமே வராது. "பதிவு இல்லை" என்ற பதிலை நம்பி நான் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். கிராமத்து நிலங்களின் விவரம் எல்லாம் இருக்கும் அ பதிவேட்டில் பழைய புல எண்ணுக்குத் தனிக் கலம் உண்டு. அந்தப் பக்கத்தை முதலில் வாங்குங்கள், பிறகு மனு எழுதுங்கள்.

அடுத்தது, எந்த அலுவலகம் என்பது. எங்கள் ஊர் பின்னால் பிரிக்கப்பட்ட புதிய சார்பதிவகத்தின் கீழ் இருக்கிறது. அங்கே பிரிந்த நாளுக்கு அப்புறமான புத்தகங்கள்தான் உண்டு, பழையவை தாய் அலுவலகத்திலேயே தங்கிவிட்டன. இதை அங்கே ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "நாளைக்கு வாங்க" என்றுதான் சொன்னார்கள். பக்கத்து வயல்காரர் வைத்திருந்த அதே காலத்துப் பத்திரத்தின் முத்திரையைப் பார்த்துத்தான் அலுவலகம் எது என்று தெரிந்தது. அதன் செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில், "இதற்கு வடக்கு" என்ற இடத்தில் எங்கள் அப்பாவுக்கு விற்றவரின் பெயரும் இருந்தது. பெயர் அட்டவணை தனியாக உண்டு என்பதால் விற்றவர் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் இரண்டு பெயரையும், முன்னெழுத்து மாறியும் மாறாமலும், தேடச் சொல்லுங்கள்.

"வாரிசுச் சான்று கொண்டு வாங்க, உரிமையாளர் நேரில் வரணும்" என்று ஓர் இடைத்தரகர் என்னை விரட்டினார். அது தேவையே இல்லை. கிரயம் பதிவாவது 1ஆம் புத்தகத்தில். 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி அந்தப் புத்தகத்தின் நகலைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். உயில் பதிவாகும் 3ஆம் புத்தகத்துக்கும் 4ஆம் புத்தகத்துக்கும்தான் கட்டுப்பாடு. ஆகவே நீங்கள் ஊருக்குப் போக வேண்டும் என்பதுகூட இல்லை. நம்பிக்கையான ஒருவர் அங்கே இருந்து மனுப் போட்டாலே போதும். இது முன்பே தெரிந்திருந்தால் அந்த நாட்களை நான் அம்மாவோடு கழித்திருப்பேன்.

நகல் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். அந்தக் காலத்தில் பத்திரத்தைப் பார்த்துக் கையால் புத்தகத்தில் எழுதிவைத்தார்கள். அதனால் நகலில் யாருடைய அசல் கையெழுத்தும் இருக்காது, எழுத்தர் எழுதிய பெயர்கள்தான் இருக்கும். கையெழுத்தைத் தேடி ஏமாறாதீர்கள். அளவைச் சரிபாருங்கள். எங்களுடையதில் 2 மா 20 குழி என்று இருந்தது. 100 குழி ஒரு மா, 3 மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஆக சுமார் 73 சென்ட். பட்டாவில் ஹெக்டேர் கணக்கில் 30 ஏருக்குச் சற்றுக் குறைவாக இருந்ததால் இரண்டும் ஒரே நிலம் என்று உறுதியானது. ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையும் சார்பதிவாளர் ஒப்பமும் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூலப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்று காட்ட நீதிமன்றத்தில் இந்த நகல் செல்லும். நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ போகிறவர்களுக்கு இது மட்டும் போதாது. பத்திரம் காணவில்லை என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும் நாளிதழ் அறிவிப்பும் கேட்பார்கள். அதற்குக் காலம் பிடிக்கும் என்பதால் புகாரை லீவின் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். நகலில் வாங்கியவர் என்று அப்பா பெயர் மட்டுமே இருந்தது. சித்தப்பா இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, எந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.