தூசுப்பூச்சிக்கு 60 பாகைத் தண்ணி

மகளுக்கு விடிய எழும்பினதும் தும்மல். மட்டக்களப்பு ஈரக் காற்றில் மெத்தையில் தூசுப்பூச்சி பெருகும். பைப் தண்ணி தும்மல் வரவைக்கிற அதின்ட கழிவைக் கழுவும், பூச்சியைக் கொல்லாது. அதுக்கு 60 பாகை வேணும்.

எங்கட மெசினில் ஹீட்டர் இல்லை. வாளியில் கொதிதண்ணியும் பைப் தண்ணியும் சமனாகக் கலந்தால் 65 பாகையளவு வரும். துணி போட்டதும் கொஞ்சம் இறங்கும். பருத்தித் தலையணை உறை, துவாய் எல்லாத்தையும் தடியால் அமுக்கி, மூடி, கால் மணித்தியாலம் ஊறவிடுவன். தேர்மோமீற்றர் 60க்குக் கீழே காட்டினால் கொதிதண்ணி கூட்டுவன். பிறகு மெசின்.

லேபிளில் தொட்டிப் படத்துக்குள் 60 அல்லது நாலு புள்ளி இருந்தால்தான் இப்படி. கலப்புத் துணி பெட்சீட்டில் இரண்டு புள்ளி, அதாவது 40தான். அதைப் பொலித்தீன் பையில் கட்டி, குளிரில் பூச்சி சாக ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைச்சுப்போட்டுத் துவைக்கிறன். மீனுக்குப் பக்கத்தில பெட்சீட்டா எண்டு மனிசி இன்னும் சிரிக்கிறா.