மூன்று நாள் தொடவில்லை, ஆனால் வாரக் கணக்கு ஏறிவிட்டது: குடிக்காத நாள் வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

பட்டர்வொர்த்தில் ஒரு சீனர் கோப்பிக் கடை. சனிக்கிழமை இரவு. என் மச்சான் மூன்றாவது பெரிய போத்தலைத் திறந்துகொண்டே சொன்னார்: "மச்சான், செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஒரு சொட்டுகூடத் தொடறதில்லை. ஒரு மாசம் ஆச்சு." பெருமை நியாயமானதுதான். தொழிற்சாலையில் எடுத்த மருத்துவப் பரிசோதனையில் கல்லீரலில் கொழுப்பு இருப்பதாக வந்தது. குடியைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். மச்சானும் மூன்று கிழமைகளைக் குறித்து, சொன்னபடியே இருந்தார்.

எனக்கு இடித்தது அந்த மூன்றாவது போத்தல். முன்பெல்லாம் சனிக்கிழமை என்றால் இரண்டோடு எழுந்துவிடுவார்.

கையில் பேனா இருந்தது, கணக்குப் போட்டோம். கணக்கு ஒன்றும் பெரிதில்லை. எத்தனை மில்லி, எத்தனை சதவீதம் என்று போத்தலிலேயே எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் சுத்த ஆல்கஹால் எத்தனை மில்லி என்று வரும். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு, அதனால் அதை 0.8-ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும். 320 மில்லி டின், 5 சதவீத பியர் என்றால் ஏறக்குறைய 13 கிராம். 600 மில்லி பெரிய போத்தல் என்றால் 24 கிராம்.

முன்பு மச்சான், மத்தியான ஷிப்டு இல்லாத வாரத்தில், ஞாயிறு முதல் வெள்ளி வரை தினமும் வேலை முடிந்து வந்து ஒரு டின் குடிப்பார். சனிக்கிழமை இரண்டு பெரிய போத்தல். ஆறு டின்னுக்கு 78, இரண்டு போத்தலுக்கு 48, மொத்தம் 126 கிராம். பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016-இல் சொன்ன அளவு வாரத்துக்கு 14 யூனிட். அவர்கள் கணக்கில் ஒரு யூனிட் 8 கிராம், ஆக 112 கிராம். மச்சான் அதைக் கொஞ்சம் தாண்டி இருந்தார், அவ்வளவுதான்.

மூன்று நாள் விட்ட பிறகு? திங்கள், வெள்ளி, ஞாயிறு ஆகிய நாட்களில் ஒரு டின் இரண்டாகிவிட்டது. "நேற்றுக் குடிக்கவில்லையே" என்று ஒரு நாள், "நாளையிலிருந்து இல்லையே" என்று இன்னொரு நாள். சனிக்கிழமை மூன்று போத்தல். ஆறு டின் 78, மூன்று போத்தல் 72, மொத்தம் 150 கிராம். மூன்று நாள் வாயைக் கட்டியும் வாரத்துக்கு 24 கிராம் கூடியிருந்தது. அதிலும் சனிக்கிழமை ஒரே இரவில் 72 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ போனால் அதை அதிகக் குடி என்று உலகச் சுகாதார நிறுவனம் தனியாகவே கணக்கெடுக்கிறது. மச்சான் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போத்தலில் மீதி இருந்ததைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டார்.

குடிக்காத நாள் வைப்பவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். நாட்களை மட்டும் கட்டுகிறார்கள், அளவை அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். வாரத்தில் இத்தனை நாள் குடிப்பதில்லை என்ற விதியோடு, குடிக்கும் நாளில் பழைய அளவுக்கு மேல் போவதில்லை என்ற இன்னொரு விதியும் சேர்ந்தால்தான் கணக்கு இறங்கும். மச்சான் அப்படி வைத்திருந்தால் மூன்று டின்னுக்கு 39, சனிக்கிழமைக்கு 48, மொத்தம் 87 கிராம்தான் ஆகியிருக்கும். அதே மூன்று நாள்தான், ஆனால் 150 எங்கே, 87 எங்கே.

அளவைப் பிடித்துவைப்பது நம் ஊர்க் கோப்பிக் கடையில் சுலபம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பியர் விற்கும் பெண் வந்து கிளாஸில் பாதி இறங்குவதற்குள் நிரப்பிவிட்டுப் போவார். நாம் ஐஸ் வேறு போட்டுக் குடிக்கிறோம். ஐஸ் கரையக் கரைய கிளாஸ் எப்போதும் நிறைந்தே இருக்கும், எத்தனை கிளாஸ் உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. அதோடு மூன்று போத்தல், ஐந்து போத்தல் சேர்த்து வாங்கினால் மலிவு என்று அட்டை தொங்கும். நால்வர் உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு தடவை பெலாஞ்சா என்று ஆரம்பிக்கும், அப்புறம் நான்கு சுற்று முடியாமல் எழுந்திருக்க முடியாது. இதற்கு நான் கண்டது ஒரே வழி. கிளாஸை எண்ணாதீர்கள், உங்கள் போத்தலை எண்ணுங்கள். பொதுப் போத்தலிலிருந்து ஊற்றிக்கொள்ளாமல் சின்ன டின்னாகத் தனியாக வாங்கிக்கொண்டு, காலி டின்னை மேசையிலேயே வைத்திருங்கள். கஞ்சன் என்று கேலி பேசுவார்கள். பேசட்டும், இரண்டு வாரத்தில் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள்.

அடுத்த தவறு, எண்ணிக்கையை மட்டும் முடிவு செய்துவிட்டு கிழமையைச் சொல்லாமல் விடுவது. "வாரத்தில் மூன்று நாள் குடிக்க மாட்டேன்" என்று வைத்தால் திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நான்கும் "இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு விட்டுக்கொள்ளலாம்" என்று நழுவிவிடும். மீதி இருப்பது வெள்ளி, சனி, ஞாயிறு. அந்த மூன்று நாளை யார் விடப்போகிறார்கள்? செவ்வாய், வெள்ளியில் கவிச்சி இல்லை என்ற வழக்கம் நம் வீடுகளில் இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம், அது தினமும் புதிதாக எடுக்கும் முடிவு இல்லை. கிழமை வந்தால் பேச்சே கிடையாது.

கிழமையைத் தேர்வதிலும் ஒரு ஏமாற்று நடக்கும். மச்சானுக்கு வாரா வாரம் ஷிப்டு மாறும். மத்தியான ஷிப்டு வாரத்தில் வீடு சேரவே இரவு பன்னிரண்டு ஆகிவிடும், அப்போது அவர் எப்படியும் குடிப்பதில்லை. அந்த நாட்களைக் குடிக்காத நாள் என்று கணக்கில் எழுதினால் எதுவுமே மாறவில்லை என்று அர்த்தம். வழக்கமாகக் குடிக்கும் நாளை விட்டால்தான் அது விட்ட நாள். அதனால் அவர் இப்போது கிழமையைப் பார்ப்பதில்லை. ஷிப்டு அட்டவணை ஒட்டிய அன்றே காலை ஷிப்டு வாரத்துக்கு எந்த மூன்று நாள், இரவு ஷிப்டு வாரத்துக்கு எந்த மூன்று நாள் என்று குறித்துவிடுகிறார். இரண்டு நாளாவது அடுத்தடுத்து வரும்படி வைக்கச் சொன்னேன். இது என் அனுபவம்தான்: முதல் நாள் சாயங்காலம்தான் கை பரபரக்கும், இரண்டாம் நாள் அவ்வளவு இல்லை. முதல் இரவு தூக்கம் வரத் தாமதமானாலும் பயப்பட வேண்டாம். பியர் போட்டால் சீக்கிரம் தூங்கிவிடுவோம், ஆனால் பின்னிரவில் அது தூக்கத்தைக் கலைக்கும். அந்தப் பழக்கத்திலிருந்து உடம்பு திரும்ப சில நாள் ஆகும்.

நாள் எப்போது முடிகிறது என்பதிலும் குழப்பம் வரும். ஞாயிறு குடிக்காத நாள் என்று வைத்துக்கொண்டு சனிக்கிழமை இரவு ஒன்றரை மணிவரை குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கமாக, வியாழன் இரவு மணி பன்னிரண்டு அடிக்கக் காத்திருந்து "வெள்ளி வந்தாச்சு" என்று டின்னைத் திறப்பவர்களும் உண்டு. கடிகாரத்தை விட்டுவிடுங்கள். தூங்கி எழுந்ததிலிருந்து மறுபடி தூங்கி எழும்வரை ஒரு நாள். இரவு ஷிப்டு ஆட்களுக்கும் அதுதான் பொருந்தும்.

குறித்த நாளில் கல்யாண விருந்து வந்துவிட்டால்? மாற்றிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. ஆனால் கிளாஸைக் கையில் எடுப்பதற்கு முன்பே பதில் நாள் எது என்று சொல்லிவிட வேண்டும், அதுவும் அதே வாரத்துக்குள் இருக்க வேண்டும். "அடுத்த வாரம் நான்கு நாளாக விட்டுக்கொள்கிறேன்" என்ற கடனை அடைத்தவரை நான் பார்த்ததில்லை.

புரட்டாசி முழுக்க விட்டேன், தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்தேன், அதனால் மற்ற மாதங்களுக்குச் சரியாகிவிட்டது என்று சொல்பவர்களும் நம்மிடையே அதிகம். விரதம் விரதமாக இருக்கட்டும். உடம்பு அதை வரவு வைத்துக்கொண்டு பிறகு கழிக்காது. தண்ணீர்மலையில் காவடி இறக்கிய வாரத்திலேயே பழைய அளவுக்குத் திரும்பினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பல வாரம் விட்டிருந்ததில் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், முன்பு இரண்டு போத்தலில் ஏறாதது இப்போது ஒன்றரையிலேயே ஏறிவிடும். மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மலேசியாவில் 2020 அக்டோபரிலிருந்து 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம்தான் வரம்பு, அதற்கு முன் 80 இருந்தது.

ஜப்பானியர்கள் இப்படிக் குடிக்காத நாளைக் கியூகான்பி என்பார்கள், கல்லீரலுக்கு ஓய்வு நாள் என்று பொருள். அழகான சொல், ஆனால் கொஞ்சம் ஏமாற்றும். இரண்டு நாள் விட்டால் கல்லீரல் கழுவிவிட்டது போல ஆகிவிடும் என்று அதைக் கேட்டவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு இரண்டு நாளில் இறங்காது, அதற்கு வாரக்கணக்கில் முழுதாக விட்டிருக்க வேண்டும். புற்றுநோய் விஷயமும் அப்படித்தான்: மொத்தமாக எவ்வளவு உள்ளே போகிறதோ அதற்கேற்ப ஆபத்து கூடும், எந்த நாளில் போனது என்பது அதற்குத் தெரியாது. குடிக்காத நாளின் பலன் மொத்தம் குறைவதிலும், தினமும் ஒரே நேரத்துக்குக் கை தேடும் பழக்கம் உடைவதிலும்தான் இருக்கிறது.

ஒரு நிலைமையில் மட்டும் இந்த விதியைத் தானாகச் செய்து பார்க்கக் கூடாது. விட்ட முதல் நாளிலேயே கை நடுங்கி, வியர்த்து, குமட்டி, நெஞ்சு படபடத்து, ஒரு வாய் குடித்ததும் எல்லாம் அடங்கிவிட்டால் அது மிதமான குடி இல்லை, உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது. அந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். நேராகக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய், எவ்வளவு குடிக்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மச்சானுக்கு அப்படி எதுவும் இல்லை. சும்மா எரிச்சல்தான், அதுவும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை. அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் பிரிட்ஜுக்கு எதிரே உட்காராமல் மாமாக் கடைக்குப் போய்விடுகிறார். அங்கே பியர் கிடையாது. தே-ஓ-ஐஸ் லிமாவ் ஒன்று சொல்வார், சீனி குறைத்து. முதல் வாரத்தில் மூன்று கிளாஸ் தே தாரிக் குடித்து என் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வந்த ஞானம் அது.

அவர் வீட்டுச் சமையலறையில் கோயிலில் கொடுத்த நாட்காட்டி மாட்டியிருக்கிறது. குடிக்காத நாளுக்கு நீலக் கோடு போடுகிறார், குடித்த நாளுக்கு கிராமை எழுதுகிறார். போன வாரம் நான் பார்த்தபோது மூன்று நீலக் கோடு, 13, 13, 13, அப்புறம் சனிக்கிழமைக் கட்டத்தில் 48. அதை முதலில் 72 என்று எழுதி அடித்திருந்தார். கேட்டேன். "மூணாவது போத்தலைத் திறந்தேன் மச்சான், ஆனா குடிக்கல" என்றார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை.