மருத்துவமனைக் கட்டுமானம்: இடர்ப் பதிவேட்டில் தூசியைப் பதியும் முறை

இயங்கிக்கொண்டிருக்கும் மருத்துவமனையில் கட்டுமானம் நடக்கும்போது, இடர்ப் பதிவேட்டில் "தூசி பரவலாம்" என்று மட்டும் எழுதினால் அதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. புற்றுநோய் வார்டை ஒட்டிய பழைய சுவரை இடிக்கும் பணியை எடுத்துக்கொள்வோம். இடிக்கும்போது கிளம்பும் தூசி, அடைக்கப்படாத குழாய்த் துளைகள் வழியாகவும் பொய்க்கூரைக்கு மேலுள்ள இடைவெளி வழியாகவும் வார்டுக்குள் நுழைவதே காரணம். அந்தத் தூசியிலுள்ள அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வித்துகளால், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிய நோயாளிகளுக்கு உயிரைப் பறிக்கக்கூடிய நுரையீரல் தொற்று ஏற்படுவது விளைவு.

ஐந்து புள்ளி அளவுகோலில் நிகழ்வாய்ப்பு 4, கடுமை 5 எனக் கொண்டால், இரண்டையும் பெருக்கக் கிடைக்கும் மதிப்பீடு 20. தூசி புகாத தடுப்பு அமைத்து, வேலையிடத்தின் காற்றழுத்தத்தை வார்டைவிடக் குறைவாக வைத்தால் நிகழ்வாய்ப்பு 2 ஆகலாம். ஆனால் தொற்று வந்துவிட்டால் அதன் கடுமை குறையாது என்பதால் மதிப்பீடு 10 என்றே நிற்கும். மதிப்பீட்டை 4 என்று எழுதியிருந்தால், கடுமையையும் 2 எனச் சேர்த்துக் குறைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

பதிவேட்டின் பொறுப்பாளர் கட்டத்தில் "ஒப்பந்ததாரர்" என்று பொதுவாக எழுதாமல், அழுத்தமானியை நாள்தோறும் பார்த்து, அழுத்த வேறுபாடு 2.5 பாஸ்கலுக்குக் கீழே இறங்கினால் இடிப்பை உடனே நிறுத்தும் அதிகாரமுள்ள ஒருவரின் பெயரையும் பதவியையும் எழுதுங்கள்.