சோயா சாஸுக்குள் இருந்த கோதுமை

அக்கா மகனுக்குக் கோதுமை ஒவ்வாமை. சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் வாங்கிய சீன மிளகாய் சாஸின் ஆங்கில ஸ்டிக்கரில் கோதுமை இல்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. டாக்டரிடம் ஓடினோம்.

அப்புறம் ஸ்டிக்கரை உரித்தேன். கொஞ்சம் சீனம் படித்திருக்கிறேன். அடியில் 酱油, அதாவது சோயா சாஸ். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 小麦, கோதுமை! மொழிபெயர்த்தவர் அடைப்புக்குறியையே விட்டிருந்தார்.

சீனாவின் உணவு லேபிள் விதியான ஜிபி 7718-2011-இன்படி, சோயா சாஸ் போலத் தனித் தரநிர்ணயம் உள்ள கலவைப் பொருள் மொத்தத்தில் 25 சதவீதத்துக்குக் குறைவு என்றால் அதன் உட்பொருள்களை எழுத வேண்டியதில்லை. ஒவ்வாமை எச்சரிக்கையும் அதில் கட்டாயமில்லை. அதனால் 酱油 என்று வெறுமனே இருந்தாலும், கோதுமை இருப்பதாகவே எடுத்துக்கொண்டு வாங்காமல் விடுகிறோம்.